68.60 இருக்கணும், 27.30 தான் காட்டுது… கிஃப்ட் கார்டு காசு எங்க போச்சு?

டல்லாஸ்_வித்யா
எல்லாருக்கும் வணக்கம். 2022 டிசம்பர்ல எங்க வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு ஃப்ரெண்ட் ஒருத்தி 100 டாலர் கிஃப்ட் கார்டு குடுத்தா. ஒரே கடைக்கானது இல்ல, பேங்க் போடுற மாதிரி எங்க வேணா தேய்க்கலாம்னு வருமே அது. 2023 மார்ச்ல மளிகைக்கு 31.40 தேய்ச்சேன், அதோட டிராயர்ல போட்டது போட்டதுதான், மறந்தே போச்சு. நேத்து டிராயரை ஒதுக்கும்போது கண்ல பட்டுச்சு, சரி 68.60 இருக்கே பொண்ணுக்கு ஷூ வாங்கிடலாம்னு கடைக்குப் போனா டிக்ளைன் ஆகுது, பின்னாடி லைன்ல எல்லாரும் பாக்கறாங்க, ஒரே அசிங்கமா போச்சு. வீட்டுக்கு வந்து பேலன்ஸ் பாத்தா 27.30! கார்டுல VALID THRU 08/30 னு தெளிவா போட்டிருக்கு, இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு. அப்புறம் 41 டாலர் எங்க போச்சு? யாராவது ஹேக் பண்ணிட்டாங்களா?

ரவி_ஹூஸ்டன்
சிஸ் இது ஃப்ராடுதான், சந்தேகமே வேணாம். அமெரிக்காவுல 2009லயே சட்டம் போட்டாச்சு, கிஃப்ட் கார்டு காசு 5 வருஷத்துக்கு எக்ஸ்பயர் ஆகக் கூடாது. நீங்க வாங்கி ரெண்டரை வருஷம்தான் ஆகுது, ஒரு பைசா குறைஞ்சாலும் தப்பு. பேங்க் மேல கம்ப்ளெயின்ட் போடுங்க, அலறியடிச்சுட்டு மொத்தத்தையும் திருப்பிக் குடுப்பாங்க.

பெருங்குடி_நைட்ஷிஃப்ட்
ரவி சார் சொன்ன சட்டம் உண்மைதான், ஆனா பாதிதான் சொல்லியிருக்கார். நான் சென்னையில ஆறு வருஷம் இதே மாதிரி அமெரிக்க பிரீபெய்ட் கார்டுக்கு நைட் ஷிஃப்ட்ல போன் எடுத்தவன், டெய்லி பத்து பேராவது இதே கேள்வியோட வருவாங்க, பாதிப் பேர் திட்டிக்கிட்டே வருவாங்க.

காசு எக்ஸ்பயர் ஆகுறது வேற, காசுலேர்ந்து ஃபீ பிடிக்கிறது வேற. 5 வருஷம் காசு செல்லும்னு சொல்ற அதே சட்டம்தான், ஒரு வருஷம் கார்டைத் தொடாம விட்டா அதுக்கப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை ஃபீ பிடிச்சுக்கலாம்னும் சொல்லுது. 2010 ஆகஸ்ட் 22 லேர்ந்து அமல்ல இருக்கு. அதனால VALID THRU 2030 னு இருந்தா 2030 வரைக்கும் காசு முழுசா இருக்கும்னு அர்த்தம் இல்ல, மிச்சம் ஏதாவது இருந்தா செல்லும், அவ்ளோதான்.

வித்யா மேடம், பேலன்ஸ் பாத்தீங்கல்ல, அதே பக்கத்துல ட்ரான்சாக்‌ஷன் ஹிஸ்டரி இருக்கும், அதைத் திறந்து என்னென்ன வரி இருக்குன்னு அப்படியே இங்க போடுங்க (கார்டு நம்பர் மட்டும் தயவுசெஞ்சு போடாதீங்க, போன மாசம் ஒருத்தர் போட்டோவே போட்டுட்டார்). திருடுன்னா ஒரே ஒரு வரி இருக்கும், நீங்க போகாத கடை பேர்ல, பெரும்பாலும் பெரிய தொகையா. ஃபீன்னா ஒரே தொகை மாசாமாசம் ஒரே தேதியில வரிசையா நிக்கும். பாத்தாலே தெரிஞ்சுடும்.

கோவை_செந்தில்
எனக்கும் இதே பிரச்சனை. கம்பெனி தீபாவளிக்கு 5000 ரூபா கிஃப்ட் கார்டு குடுத்தாங்க, ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா எக்ஸ்பயர்டுன்னு வருது. இந்த 5 வருஷ சட்டத்தைச் சொல்லி நான் கேக்கலாமா?

டல்லாஸ்_வித்யா
நைட்ஷிஃப்ட் அண்ணா, நீங்க சொன்ன மாதிரியேதான் இருக்கு. 03/18/2023 ல மளிகைக்கடை 31.40. அதுக்குக் கீழ 2023 அக்டோபர்ல பெட்ரோல் பங்க் 1.00, அதுவே ரெண்டு நாள்ல திரும்ப வந்திருக்கு. அப்புறம் 04/01/2024 லேர்ந்து ஒண்ணாம் தேதி ஒண்ணாம் தேதி MONTHLY FEE 2.95, 2.95, 2.95 னு இந்த மாசம் மே 2025 வரைக்கும் போகுது. எண்ணிப் பாத்தேன், 14 தடவை. அட கடவுளே, ஒருத்தரும் ஒரு மெயில் கூட அனுப்பலயே!

பெருங்குடி_நைட்ஷிஃப்ட்
14 × 2.95 = 41.30. 68.60லேர்ந்து கழிச்சா 27.30. கணக்கு சரியா உக்காந்துடுச்சு, திருடன் யாரும் இல்ல.

மெயில் வராததுக்குக் காரணம், அந்த கார்டு யார் கையில இருக்குன்னே அவங்களுக்குத் தெரியாது. உங்க ஃப்ரெண்ட் கடை ரேக்குல எடுத்து பில் போட்டாங்க, அவ்ளோதான், உங்க பேரே எங்கயும் இல்ல. அதுக்குப் பதிலாத்தான் ஃபீ எவ்ளோ, எத்தனை நாளைக்கு ஒரு தடவை, எதுக்குப் பிடிக்கிறாங்கங்கிறதை கார்டு மேலயே அச்சடிக்கணும்னு சட்டம் வெச்சிருக்கு. பின்பக்கம் பொடி எழுத்துல இருக்கும் பாருங்க. கவர்ல மட்டும் போட்டா பத்தாது, கவரைத்தான் எல்லாரும் தூக்கிப் போட்டுடறாங்களே.

இப்ப நீங்க பாக்க வேண்டியது முதல் ஃபீ தேதி. கடைசியா கார்டை உபயோகிச்ச நாள்லேர்ந்து முழுசா ஒரு வருஷம் சும்மா கிடந்திருக்கணும், அதுக்கப்புறம்தான் முதல் ஃபீ. உங்களுக்கு 2023 மார்ச் 18, ஒரு வருஷம்னா 2024 மார்ச் 18, அடுத்த ஒண்ணாம் தேதி ஏப்ரல் 1. ஒரே காலண்டர் மாசத்துல ரெண்டு தடவை எங்கயாவது பிடிச்சிருந்தா அது விதிமீறல், சண்டை போடலாம். உங்க லிஸ்ட்ல அப்படி இருக்கற மாதிரி தெரியல.

டல்லாஸ்_வித்யா
ஒரு நிமிஷம் அண்ணா, அந்த அக்டோபர் பெட்ரோல் பங்க் கணக்குல வராதா? எங்க வீட்டுக்காரர்தான் பம்ப்ல போட்டுப் பாத்திருக்கார், வேலை செய்யல, வேற கார்டு போட்டுட்டார். ஆனா கார்டை உபயோகிச்ச மாதிரிதானே? அப்ப 2024 அக்டோபர் வரைக்கும் ஃபீ பிடிக்கக் கூடாதுல்ல? ஏப்ரல்லேர்ந்து அக்டோபர் வரைக்கும் ஏழு ஃபீ, 20 டாலருக்கு மேல வருதே.

ரவி_ஹூஸ்டன்
அதானே! கரெக்ட் பாயிண்ட். நான் என்ன பண்ணுவேன்னா ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை பேலன்ஸ் செக் பண்ணுவேன், அப்படிப் பண்ணா கார்டு ஆக்டிவ்னு காட்டும், ஃபீ பிடிக்க மாட்டாங்க.

பெருங்குடி_நைட்ஷிஃப்ட்
ரெண்டுமே கணக்குல வராது, இதுலதான் எல்லாரும் வழுக்கி விழறாங்க.

ஆக்டிவிட்டின்னா கார்டுல இருக்கற காசு நிஜமா கூடணும் இல்ல குறையணும். பேலன்ஸ் பாக்கறதுல ஒண்ணும் கூடல குறையல, அதனால ரவி சார் நீங்க தினமும் பாத்தாலும் கடிகாரம் ஓடிக்கிட்டேதான் இருக்கும். பம்ப்ல 1 டாலர் ஹோல்டு போட்டு விட்டுட்டாங்கன்னா அதுல விற்பனையே நடக்கல, ஹோல்டு ரத்தாகித் திரும்பிடுச்சு, அதுவும் ஆக்டிவிட்டி இல்ல. அவங்க ஃபீ பிடிச்சா பேலன்ஸ் குறையுதே, அது ஆக்டிவிட்டியான்னு ஒரு அம்மா என்னைக் கேட்டாங்க. நல்ல கேள்விதான், ஆனா ஃபீயைச் சேர்க்க மாட்டோம்னு விதியிலயே எழுதி வெச்சிருக்காங்க.

ஒரு சூயிங்கம் வாங்கி ஒரு டாலர் தேய்ச்சாக்கூட போதும், அன்னிலேர்ந்து இன்னொரு ஒரு வருஷம் ஃபீ கிடையாது. ஃபீ ஓடிக்கிட்டு இருக்கும்போது தேய்ச்சாலும் நின்னுடும். நான் வேலை பாத்தப்ப வெளிப்படையா இப்படிச் சொல்லக் கூடாது, யாராவது கேட்டா மட்டும் சொல்லலாம், அதனால குரலை இழுத்து இழுத்து கேள்வியை அவங்க வாயாலயே வரவெப்பேன், அது ஒரு தனிக் கலை.

இப்படியே விட்டா என்ன ஆகும்னும் பாருங்க. 27.30ல இன்னும் 9 ஃபீ போகும், 2026 பிப்ரவரியில 75 செண்ட் மிச்சம் நிக்கும், மார்ச்ல அதையும் வழிச்சுடுவாங்க. கார்டுல அப்பவும் 2030 னுதான் போட்டிருக்கும்.

மினியாப்பொலிஸ்_கதிர்
வாங்கும்போதே 5.95 கூடப் பிடிச்சாங்களே எனக்கு, அதுவும் இதுல சேருமா? எனக்கு 50 டாலர் கார்டுக்கு 55.95 பில் வந்துச்சு.

பெருங்குடி_நைட்ஷிஃப்ட்
அது வாங்கறவங்க குடுக்கற பர்ச்சேஸ் ஃபீ, கார்டுக்கு வெளிய. கார்டுல முழு 50 இருக்கும். அந்த மாதிரி ஒரே தடவை பிடிக்கிறதுக்கு இந்த ஒரு வருஷ விதி பொருந்தாது, மாசாமாசம் திரும்பத் திரும்ப வர்றதுக்குத்தான். வித்யா மேடம் கார்டுல ஆரம்ப பேலன்ஸ் 100ன்னு இருக்கறதால அந்தக் கேள்வி இங்க வரல.

சான்ஹோசே_பிரியா
நான் கலிஃபோர்னியா, இங்க கிஃப்ட் கார்டுக்கு எக்ஸ்பயரியும் கிடையாது, இந்த மாதிரி ஃபீயும் கிடையாதே? டெக்சாஸ்ல மட்டும்தான் இப்படியா?

பெருங்குடி_நைட்ஷிஃப்ட்
நீங்க சொல்றது ஒரே கடை குடுக்கற கார்டுக்கு. அந்தக் கடையிலேயே வாங்கி அந்தக் கடையிலேயே செலவு பண்றது. எங்க வேணா தேய்க்கிற பேங்க் கார்டு அந்தக் கலிஃபோர்னியா சட்டத்துல பெரும்பாலும் வராது, அதுக்கு நாடு முழுக்க இருக்கற விதிதான் காப்பு. ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுத்தான் நெறைய பேர் ஏமாந்து போறாங்க. கடைக் கார்டு பாக்க சாதாரணமா இருக்கும், ஆனா அதுல ஃபீ இருக்கறது ரொம்ப அபூர்வம். பேங்க் கார்டு பகட்டா இருக்கும், ஃபீ பூரா அதுலதான்.

நியூஜெர்சி_மணி
என் கதையைக் கேளுங்க. இன்டர்நெட் கனெக்‌ஷன் மாத்தினதுக்கு 150 டாலர் கார்டு வந்துச்சு, ஆறே மாசத்துல ஜீரோ. ஃபீ இல்ல ஒண்ணும் இல்ல, மொத்தமா போச்சு. போன் பண்ணா “எக்ஸ்பயர்டு சார்”ங்கறான். இதுக்கு அஞ்சு வருஷம் கிடையாதா? பாக்க அச்சு அசல் கிஃப்ட் கார்டு மாதிரியேதான் இருக்கு.

பெருங்குடி_நைட்ஷிஃப்ட்
மணி சார் மன்னிச்சுக்கோங்க, அது கிஃப்ட் கார்டு இல்ல, ரிவார்டு கார்டு. நீங்க காசு குடுத்து வாங்கல, கம்பெனி ப்ரமோஷனுக்குக் குடுத்தது. அந்த வகைக்கு 5 வருஷமும் கிடையாது, ஒரு வருஷ அவகாசமும் கிடையாது. எக்ஸ்பயரி தேதியை முன்பக்கமே போட்டு, இது ப்ரமோஷனுக்குன்னு சொல்லிட்டா போதும். போன் எடுக்கறப்ப எனக்கு ரொம்ப சங்கடமா இருந்த கால்ஸ் எல்லாம் இதுதான், ஏன்னா நாங்க எதுவும் செய்ய முடியாது, அவங்க பக்கம் நியாயமும் இருக்கும்.

“50க்கு கார்டு வாங்குங்க 10 போனஸ்”னு டிசம்பர்ல விப்பாங்களே, அதுலயும் இதே கதை. 50 நீங்க வாங்கினது, பத்திரமா இருக்கும். 10 இனாம், அதுக்கு ரெண்டு மாசம்தான் ஆயுசு. ஆப்ல ரெண்டையும் கூட்டி 60ன்னு காட்டுவாங்க, பிப்ரவரி முடிஞ்சதும் 50ன்னு காட்டும், காசைத் திருடிட்டான்னு போன் வரும்.

நியூஜெர்சி_மணி
அப்ப அந்த 150 போனது போனதுதானா.

பெருங்குடி_நைட்ஷிஃப்ட்
கார்டு போட்டவனை விட்டுடுங்க, அந்த இன்டர்நெட் கம்பெனிக்கு போன் பண்ணுங்க. காசு அவங்களோடது. கஸ்டமரைத் தக்க வெக்கிற டிபார்ட்மென்ட்டுக்குப் போனா மறுபடி அனுப்பினவங்களும் இருக்காங்க, கையை விரிச்சவங்களும் இருக்காங்க.

அண்ணாநகர்_சரவணன்
கோவை செந்தில் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல, நான் பேங்க்ல இருக்கேன், சொல்றேன். தம்பி, அமெரிக்க சட்டம் உங்களுக்கு ஆகாது. நம்மூர்ல கார்டு பேங்க் போட்டதா இல்ல ஒரு பிராண்டோட வவுச்சரான்னு முதல்ல பாருங்க. பேங்க் போட்ட, பல கடையில செல்ற கிஃப்ட் கார்டுன்னா ரிசர்வ் பேங்க் விதிக்குள்ள வரும். அதிகபட்சம் 10,000 ரூபா, குறைஞ்சது ஒரு வருஷம் செல்லணும். முக்கியமானது, தேதி முடிஞ்சாலும் காசு செத்துப் போகாது. கார்டு போட்டவங்களுக்கு எழுதிக் கேட்டா புதுப்பிச்சுத் தரணும், இல்ல மிச்சத்தை உங்க பேங்க் அக்கவுண்ட்டுக்கு அனுப்பணும். 30 நாள்ல பதில் இல்லன்னா cms.rbi.org.in ல புகார் போடலாம். ஒரே கடைக்கான வவுச்சர்னா ரிசர்வ் பேங்க் இதுல வராது, அந்தக் கடை போட்ட கண்டிஷன்தான்.

கோவை_செந்தில்
சார் ரொம்ப நன்றி. பேங்க் பேர் போட்டிருக்கு, அப்ப மெயில் அனுப்பறேன். எச்ஆர்ல கேட்டா “அதெல்லாம் போச்சுப்பா”ன்னு சொல்லிட்டாங்க.

டல்லாஸ்_வித்யா
சரி அண்ணா, இப்ப நான் என்ன பண்ணணும்? மிச்சத்தையாவது காப்பாத்தணும். கடையில மறுபடி டிக்ளைன் ஆனா அந்த அசிங்கம் எனக்கு வேணாம்.

பெருங்குடி_நைட்ஷிஃப்ட்
முதல்ல கார்டுக்குப் பின்னாடி இருக்கற நம்பருக்கே போன் பண்ணுங்க. கூகுள்ல “கிஃப்ட் கார்டு பேலன்ஸ்”னு தேடி முதல்ல வர்ற விளம்பரத்தை மட்டும் அமுக்காதீங்க, கார்டு நம்பரை வாங்கிக்கிட்டு காசை உருவற போலி சைட் நெறைய ஓடுது. சட்டப்படி கார்டு மேலயே இலவச நம்பர் இருக்கணும், அது போதும்.

ஏஜென்ட்கிட்ட சண்டை போடாதீங்க, அவன் பாவம் ராத்திரி மூணு மணிக்கு உக்காந்திருப்பான். “ஃபீ பத்தி கார்டுல இருக்கறதை நான் கவனிக்கல, ஒரு தடவை மரியாதைக்குத் திருப்பித் தர முடியுமா”ன்னு கேளுங்க. எங்க இடத்துல ரெண்டு மூணு மாசத்துது வரைக்கும் எங்க கையிலயே பண்ண முடியும், அதுக்கு மேல சூப்பர்வைசர். கேக்காதவங்களுக்கு யாரும் குடுக்க மாட்டாங்க. பின்பக்கம் ஃபீ பத்தி ஒண்ணுமே அச்சடிக்கலன்னா கதையே வேற, அப்ப consumerfinance.gov/complaint ல பிரீபெய்ட் கார்டுங்கற பிரிவுல போடுங்க, அதுக்கு வலுவான காரணம் இருக்கு.

அப்புறம் செலவு. ஷூ 60 டாலர்னு வெச்சுக்கோங்க, 27.30 இருக்கற கார்டை 60க்குத் தேய்ச்சா மெஷின் முழுசா டிக்ளைன் பண்ணும், இருக்கறதை எடுத்துக்கிட்டு மீதியைக் கேக்கற அளவுக்கு எல்லாக் கடை மெஷினுக்கும் புத்தி கிடையாது. கேஷியர்கிட்ட “இந்த கார்டுல சரியா 27.30 போடுங்க, மீதி இந்த கார்டுல”ன்னு தொகையை முன்னாடியே சொல்லணும். ஆன்லைன்ல ரெண்டு கார்டு போட பல கடையில விடாது, அதனால நீங்க எப்பவும் வாங்கற ஆன்லைன் கடை எதுவோ அங்க உங்க அக்கவுண்ட்டுக்கு 27.30க்கு கிஃப்ட் பேலன்ஸ் ஏத்திக்கோங்க, செண்ட் கூட மிஞ்சாது. அதுக்கு முன்னாடி கார்டோட சைட்ல உங்க ஜிப் கோடைப் பதிஞ்சுடுங்க, இல்லன்னா அட்ரஸ் பொருந்தலன்னு தள்ளிடும்.

ஹோட்டல்ல சாப்பிட மட்டும் கொண்டு போகாதீங்க. டிப்ஸ் வரும்னு பில்லுக்கு மேல 20 சதவீதம் மாதிரி சேர்த்து ஹோல்டு கேப்பாங்க, 25 டாலர் பில்லுக்கு 30 கேட்டா உங்க கார்டுல இல்ல, மறுபடி டிக்ளைன்.

மினியாப்பொலிஸ்_கதிர்
ஓ அதான் எனக்கு பிரியாணிக்கடையில அன்னிக்கு பேலன்ஸ் குறைச்சலா காட்டுச்சா! நாலு நாள் கழிச்சுத் தானா ஏறிடுச்சு, நான் ஏதோ சாமி புண்ணியம்னு நெனச்சேன்.

டல்லாஸ்_வித்யா
அப்டேட். கார்டைத் திருப்பிப் பாத்தேன், மேக்னெட் பட்டைக்குக் கீழ இருக்கு, 12 மாசம் உபயோகிக்கலன்னா மாசம் 2.95ன்னு. போனை எடுத்து ஃப்ளாஷ் போட்டு ஜூம் பண்ணித்தான் படிச்சேன். போன்ல ஒரு பொண்ணு எடுத்தாங்க, அண்ணா சொன்ன மாதிரியே தன்மையா கேட்டேன். ரெண்டு மாசத்துது திருப்பிப் போட்டாங்க, 5.90. மீதிக்கு சூப்பர்வைசர் முடியாதுன்னுட்டார். இப்ப 33.20 ஆச்சு, உடனே ஆன்லைன் கடை அக்கவுண்ட்டுல 33.20 ஏத்திட்டேன், கார்டு ஜீரோ.

அந்த ஃபீ திரும்ப வந்ததே, அது பேலன்ஸ் கூடினதுதானே, அதை வெச்சு ஒரு வருஷம் மறுபடி ஆரம்பிச்சிருக்குமான்னு சும்மா ஒரு சந்தேகம் வந்துச்சு.

பெருங்குடி_நைட்ஷிஃப்ட்
தப்பைச் சரி பண்றது ஆக்டிவிட்டி இல்லன்னு விதி இருக்கு மேடம். ஆனா இது தப்புக்காகக் குடுத்தது இல்ல, மரியாதைக்குக் குடுத்தது. எங்க சிஸ்டம்ல ஆரம்பிக்காது, அவங்களுது எப்படின்னு அவங்க கார்டு ஒப்பந்தத்தைத்தான் பாக்கணும். நீங்கதான் ஜீரோ பண்ணிட்டீங்களே, இனிமே எதைப் பிடிக்கப் போறாங்க.

ரவி_ஹூஸ்டன்
நான் இன்னும் ஒத்துக்க மாட்டேன். 100 டாலர் குடுத்து வாங்கின காசுல 35 டாலருக்கு மேல அவன் வெச்சுக்கிட்டான், சட்டம் விட்டாலும் அது கொள்ளைதான். பை த வே என்கிட்ட மூணு கார்டு இருக்கு, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை பேலன்ஸ் பாத்துட்டுதான் இருக்கேன், குறையலயே?

பெருங்குடி_நைட்ஷிஃப்ட்
கடைசியா எப்ப தேய்ச்சீங்க சார்?

ரவி_ஹூஸ்டன்
போன தீபாவளிக்கு.

பெருங்குடி_நைட்ஷிஃப்ட்
அப்ப ஒரு வருஷம் இன்னும் ஆகல. வர்ற தீபாவளிக்கு முன்னாடி மூணுலயும் ஆளுக்கொரு டாலர் தேய்ச்சுடுங்க.